தலையிடிக்கு முன்னால் வரும் இருபது நிமிடம்

கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்யும் 32 வயதுப் பெண் ஒருவர் என்னிடம் வந்தது கண்ணைப் பற்றிப் பேசத்தான். ஆறு மாதத்துக்கு முன்பு புதுக் கண்ணாடி எடுத்திருக்கிறார், ஆனாலும் "அந்த மினுக்கம்" போகவில்லை. கண் வைத்தியரிடம் காட்ட ஒரு கடிதம் வேண்டும் என்றார். வெள்ளவத்தையில் குடும்ப வைத்தியராக இருப்பவரிடம் இப்படிக் கடிதம் கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். இந்தக் கட்டுரையில் வரும் பெண், அப்படி வந்த பலருடைய விபரங்களைச் சேர்த்து நான் ஒருவராக்கியவர். யாரையும் அடையாளம் காட்ட விரும்பவில்லை.

என்ன மினுக்கம் என்று கேட்டேன்.

"கொம்பியூட்டரிலை கணக்குப் பாத்துக்கொண்டிருக்கேக்கை நடுவிலை ஒரு இலக்கம் காணாமல் போச்சுது டொக்டர். முதல் நான் அழிச்சுப்போட்டன் எண்டு நினைச்சன். பிறகு அந்த இடத்திலை வாள்ப்பல்லு மாதிரி ஒரு வெளிச்சம். வரவரப் பெருத்து இடப்பக்கமாப் போய் மறைஞ்சுது."

எவ்வளவு நேரம்? "ஒரு இருவது நிமிசம் இருக்கும்." அதன் பிறகு? "வலப்பக்கம் தலையிடி. சத்தியும் வந்தது. அது எனக்குச் சின்ன வயசிலை இருந்தே இருக்கு, அம்மாவுக்கும் இருக்கு."

மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்றதற்கு ஒன்றும் இல்லை என்றார். கருத்தடைக் குளிசையை மருந்து என்று யாரும் எண்ணிச் சொல்வதில்லை, அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். பிள்ளைக்கு நான்கு வயது, அடுத்ததுக்கு இப்போது எண்ணமில்லை, இரண்டரை வருடமாக மிதுரி. முதல் அட்டையை வீட்டுக்கு வரும் மருத்துவமாது தந்தார், பிறகு பாமசியில் தானே வாங்கிக்கொள்கிறார்.

இந்த இரண்டு தகவலும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். வாள்ப்பல் வெளிச்சத்தோடு வரும் அந்தத் தலையிடிக்கு 'ஓராவுடன் கூடிய மைக்கிரேன்' என்று பெயர். மிதுரி, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்டோஜனும் சேர்ந்த கூட்டுக் குளிசை. உலக சுகாதார நிறுவனம் யாருக்கு எந்தக் கருத்தடை முறை பொருந்தும் என்று 1 முதல் 4 வரை தரம் பிரித்திருக்கிறது. 1 என்றால் தடையே இல்லை, 4 என்றால் கொடுக்கக் கூடாது. ஓரா உள்ள பெண்ணுக்குக் கூட்டுக் குளிசை 4. வயது எதுவானாலும் 4. காரணம் பாரிசவாதம்.

முதலில் அந்த இருபது நிமிடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுத் தீர்மானமும் அதில்தான் தங்கியிருக்கிறது. ஓராவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ கிடையாது. கேட்டு அறிவது ஒன்றே வழி.

மூளையின் பின்பக்கத்தில், பார்வைக்குரிய மேற்பட்டையில், நரம்புக் கலங்கள் ஒரு கணம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டுப் பிறகு அடங்கிப்போகும் ஒரு அலை கிளம்புகிறது. குளத்தில் கல் விழுந்த மாதிரி அது மெதுவாகப் பரவும். 1941இல் கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் தன் கண்ணுக்குள் வந்த ஓராவைத் தானே நேரம் பார்த்து வரைந்து, அது மூளையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நகர்கிறது என்று கணக்கிட்டார். 1944இல் அரிஸ்டிடிஸ் லியாவோ என்ற பிரேசில் ஆய்வாளர் முயல்களின் மூளையில் ஏறத்தாழ அதே வேகத்தில் ஓர் அலையைக் கண்டார். இந்த வேகத்தை மனதில் வைத்துக்கொண்டால் ஓராவின் குணங்கள் எல்லாம் தாமாகவே விளங்கும். அலை மெதுவானது, ஆகவே வெளிச்சமும் மெதுவாகத்தான் வளரும். ஐந்து நிமிடமாவது எடுத்துப் பரவும், ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கும். அலையின் முன்விளிம்பில் கலங்கள் தூண்டப்படுவதால் மினுக்கம், பின்னால் அவை அடங்குவதால் இருட்டுத் திட்டு. மூளையின் ஒரு பக்கத்தில் நடப்பதால் பார்வையின் ஒரு பாதியில் மட்டும் தெரியும், எந்தக் கண்ணை மூடினாலும் போகாது.

சிலருக்கு இது கண்ணோடு நிற்காது. விரல் நுனியில் ஊசி குத்துவது போல் தொடங்கி, கை வழியாக ஏறி, வாயின் ஓரத்துக்கும் நாக்குக்கும் வரும். சிலருக்குச் சொல் தடுமாறும். இவையும் ஓராதான்.

எது ஓரா இல்லை என்பதிலும் அதே அளவு கவனம் வேண்டும். தலையிடிக்கு முதல் நாள் கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்புக்கு ஆசை, இவை முன்னறிகுறிகள். தலையிடி நடக்கும்போது வெளிச்சம் கூசுவது மைக்கிரேனின் பொதுக்குணம். எழும்பும்போது கண் இருட்டுவது பெரும்பாலும் பிரஷர் இறங்குவதால். கண் முன்னால் ஓரிரு விநாடி பூச்சி பறப்பதும் கணக்கில் வராது. இவற்றை ஓரா என்று எழுதிவிட்டால், ஒரு பெண் தனக்குப் பொருந்தும் ஒரு முறையை வாழ்நாள் முழுக்கக் காரணமில்லாமல் இழந்துவிடுவார். நான் இரண்டு விதத் தவறையும் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது இப்படி: "தலையிடிக்கு முன்னம் கண்ணில் ஏதாவது நடக்கிறதா? அது ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கிறதா? எப்படி இருந்தது என்று விரலால் காற்றில் வரைந்து காட்டுங்கள்." ஓரா கண்டவர் தயங்காமல் வரைவார். விரல் வளைந்து வளைந்து, பிறை வடிவில் வெளிப்பக்கமாகப் போகும். இந்தப் பெண்ணும் அப்படித்தான் வரைந்தார். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தீர்களா என்றேன். "பொத்தினன், ரெண்டு கண்ணிலையும் இருந்தது." எட்டு மாதத்தில் இரண்டு முறை வந்திருக்கிறது. இன்னும் கிளறியபோது, பிள்ளை வயிற்றில் இருந்த காலத்தில் காலி வீதியில் பஸ்ஸில் போகும்போதும் ஒருமுறை வந்ததாக நினைவுகூர்ந்தார். அப்போது வெயில் பட்டதால் என்று விட்டுவிட்டார்.

அது தற்செயல் அல்ல. மைக்கிரேனுக்கும் ஈஸ்ட்ரோஜனுக்கும் உள்ள உறவு இரண்டு விதமானது. ஈஸ்ட்ரோஜன் சடுதியாகக் குறையும்போது ஓரா இல்லாத தலையிடி வரும், மாதவிடாய்த் தலையிடி இந்த வகை. ஈஸ்ட்ரோஜன் உயர்ந்து நிற்கும்போது ஓரா தூண்டப்படலாம், கர்ப்பகாலமும் கூட்டுக் குளிசையும் அப்படிப்பட்டவை. மிதுரி அட்டையில் 28 குளிசைகள். அவற்றில் 21 ஹோர்மோன் உள்ளவை, ஒவ்வொன்றிலும் 0.15 மில்லிகிராம் லெவோநொர்ஜெஸ்ட்ரெலும் 30 மைக்ரோகிராம் எதினைல் ஈஸ்ட்ரடியோலும் இருக்கும். மிச்சம் ஏழும் இரும்புச்சத்துக் குளிசை. அந்த ஏழு நாளில் ஹோர்மோன் நின்றுவிடுவதால் பலருக்கு அப்போது தலையிடி வரும். "இரும்புக் குளிசை ஒத்துக்கொள்ளுதில்லை" என்று அதை எறிந்துவிடுகிறவர்களும் உண்டு. இந்தத் தலையிடி தொல்லைதான், ஓரா இல்லாத வரை 4ஆம் தரத்துக்குள் வராது. ஹோர்மோன் குளிசை எடுக்கும் மூன்று கிழமையில், முன்பு இல்லாத வாள்ப்பல் வெளிச்சம் புதிதாக வந்தால்தான் பயப்பட வேண்டும்.

சரி, பாரிசவாதம் எப்படி இதற்குள் வருகிறது? இரண்டு வழிகள் ஓரிடத்தில் சந்திக்கின்றன. முதலாவது குளிசையின் வழி. எதினைல் ஈஸ்ட்ரடியோல் ஈரலுக்குப் போய், இரத்தத்தை உறையவைக்கும் சில காரணிகளைக் கூடுதலாக உண்டாக்கச் செய்கிறது, உறைதலைத் தடுக்கும் புரதம் எஸ், அன்டித்ரொம்பின் போன்றவற்றைக் குறைக்கிறது. சிலருக்குப் பிரஷரையும் கொஞ்சம் ஏற்றும். ஒட்டும் பட்டையாகவோ யோனி வளையமாகவோ கொடுத்தாலும் இதே பொருள் இதே ஈரலுக்குத்தான் போகிறது, ஆகவே அவற்றுக்கும் இதே தடை. இரண்டாவது ஓராவின் வழி. அந்த அலை கடந்துபோன பின் மூளையின் அந்தப் பகுதிக்கு இரத்த ஓட்டம் சிறிது நேரம் குறைகிறது. ஓரா உள்ளவர்களின் இரத்தக் குழாய்ச் சுவரும் உறையும் தன்மையும் சற்று வேறுபட்டிருப்பதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. எந்தக் காரணம் எவ்வளவு பங்கு என்பது இன்னும் தீரவில்லை. ஆனால் ஓரா உள்ளவர்களுக்கு, குளிசையே எடுக்காவிட்டாலும், இரத்தக் குழாய் அடைபட்டு வரும் பாரிசவாதம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

"இரண்டு மடங்கு", "ஆறு மடங்கு" என்ற சொற்கள் வீட்டில் பெரிய பீதியைக் கிளப்பும். எதன் மடங்கு என்பதைச் சொல்லாமல் மடங்கு சொல்வது நியாயமில்லை. ஐரோப்பியத் தலைவலிச் சங்கமும் ஐரோப்பியக் கருத்தடைச் சங்கமும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட கூட்டறிக்கையில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. மைக்கிரேனும் இல்லாத, ஹோர்மோன் கருத்தடையும் எடுக்காத ஒரு லட்சம் இளம் பெண்களை ஒரு வருடம் பார்த்தால் இரண்டு அல்லது மூன்று பேருக்கு இந்தப் பாரிசவாதம் வரும். ஓரா மட்டும் இருந்தால் ஆறு பேர் அளவில். ஹோர்மோன் கருத்தடை மட்டும் எடுத்தாலும் ஆறு பேர் அளவில். ஓராவும் இருந்து ஹோர்மோனும் எடுத்தால் ஏறத்தாழ 37 பேர்.

அந்தப் பெண்ணிடம் இதை இப்படித்தான் சொன்னேன். சுகததாச விளையாட்டரங்கு கொள்ளும் கூட்டம் அவர் மனதுக்குப் பிடிபடும் என்பதால், "அப்படிப்பட்ட அரங்கம் நாலைந்து நிறைய உங்களைப் போலப் பெண்களை இருத்தி ஒரு வருடம் பார்த்தால் 37 பேர். மிச்சம் அத்தனை பேருக்கும் ஒன்றும் நடக்காது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "அப்ப ஏன் டொக்டர் நிப்பாட்டச் சொல்லுறீங்கள்?"

இரண்டு காரணம் சொன்னேன். ஒன்று, வருபவருக்கு வருவது சின்ன விஷயம் அல்ல. 32 வயதில் ஒரு கையும் பேச்சும் போனால் அந்த வீட்டின் மிச்சக் காலம் முழுக்க மாறிவிடும். அதோடு குளிசையை ஒரு வருடத்துக்கு எடுப்பதில்லை, பத்து வருடம் எடுப்பார்கள், வயதும் ஏறும், பிரஷரும் சேரும். மற்றது, இதே வேலையை இந்தப் பயம் இல்லாமல் செய்யும் முறைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, அரசாங்கக் கிளினிக்கில் இலவசமாகவே. அப்படி மாற்று இல்லாவிட்டால் நானும் வேறு விதமாகப் பேசியிருப்பேன். ஏனென்றால் கர்ப்பமும் பிரசவத்துக்குப் பிந்திய கிழமைகளும் பாரிசவாத அபாயத்தைக் கூட்டும் காலம்தான். குளிசையை நிறுத்திவிட்டு வேறொன்றும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினால், தவிர்க்க நினைத்த அபாயத்துக்குள்ளேயே அவரைத் தள்ளிவிட்டவர்கள் ஆவோம்.

இந்தத் தடை எவ்வளவு உறுதியான ஆதாரத்தில் நிற்கிறது என்று கேட்பவர்களும் உண்டு, கேட்பதில் நியாயமும் உண்டு. 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் குளிசையில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருந்தது. பிறகு 50 ஆகி, இப்போது 30, 20 என்று வந்திருக்கிறது. பழைய ஆய்வுகள் பலவற்றில் அந்த உயர்ந்த அளவுக் குளிசை எடுத்த பெண்கள் இருந்தார்கள். சிலவற்றில் ஓரா உண்டா இல்லையா என்று பிரித்தே பார்க்கவில்லை. ஆகவே 20 மைக்ரோகிராம் குளிசையில் அபாயம் எவ்வளவு என்பதில் வாதம் நடக்கிறது. ஆனால் 2017இல் வெளிவந்த, நவீனக் குளிசைகள் புழங்கும் காலத்து அமெரிக்கத் தரவுகளைக் கொண்ட ஓர் ஆய்வும், ஓராவும் கூட்டுக் குளிசையும் சேரும்போது ஆறு மடங்கு என்றே கண்டது. ஓரா இல்லாத மைக்கிரேனில் அந்த அளவு ஏற்றம் தெரியவில்லை. வாதம் தீரும் வரை, மாற்று உள்ள ஒரு பெண்ணின் மூளையைப் பணயம் வைக்க எனக்கு மனம் இல்லை.

ஓரா இல்லாத மைக்கிரேனுக்கு விதி இளகியது. 35 வயதுக்குக் கீழே, பிரஷரும் புகைபிடித்தலும் இல்லாவிட்டால், பொதுவாகத் தொடங்கலாம். 35க்கு மேல் உலக சுகாதார நிறுவனம் கையை இறுக்குகிறது. "ஓரா பள்ளிக்கூடத்திலை வந்தது, இப்ப பத்து வருசமா இல்லை" என்பவர்களுக்குப் பிரித்தானிய வழிகாட்டி 3 கொடுக்கிறது, அதாவது வேறு வழி பொருந்தாவிட்டால் மட்டும் நிபுணருடன் பேசித் தீர்மானிக்கலாம்.

இனி அந்தப் பெண்ணின் கதைக்கு. அன்றைக்கே மிதுரியை நிறுத்தச் சொன்னேன். அட்டை முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்தவும் தேவையில்லை. அட்டையின் பாதியில் நிறுத்தினால் சில நாளில் இரத்தப்போக்கு வரும், அது எதிர்பார்ப்பதுதான். குளிசையை ஒழுங்காக எடுத்து வந்தவர், இடைவெளி விடாமல் அடுத்த முறைக்கு நேரே மாறினால் பாதுகாப்பு அறுபடாது. அன்றே மாற முடியாவிட்டால் அதுவரை கொண்டம். அட்டையின் முதல் கிழமையிலேயே நிறுத்தி, அதற்கு முந்திய நாட்களில் உறவும் நடந்திருந்தால் மட்டும் கூடுதல் யோசனை வேண்டும். அப்போது தேவைப்படக்கூடிய அவசரக் குளிசையில் லெவோநொர்ஜெஸ்ட்ரெல் மட்டும்தான் உண்டு, ஈஸ்ட்ரோஜன் இல்லை, ஓரா உள்ளவரும் எடுக்கலாம்.

எம்.ஓ.எச். கிளினிக்கில் கிடைக்கும் மாற்றுகள் மூன்றைப் பற்றிப் பேசினோம். லூப் என்று நாம் சொல்லும் செப்புக் கருவியில் ஹோர்மோனே இல்லை. ஓராவுக்கு அது 1ஆம் தரம். பத்து வருடம் வரை வேலை செய்யும், எடுத்த உடன் கருத்தரிக்கும் வாய்ப்புத் திரும்பும். ஆனால் முதல் சில மாதங்கள் மாதவிடாய் கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில் புரோஜெஸ்ட்டோஜன் மட்டும். மாதவிடாய் குழம்பும், பிறகு நின்றும் போகும். நிறுத்திய பின் கருத்தரிக்கப் பல மாதம் எடுக்கலாம், போட்ட ஊசியைத் திருப்பி எடுக்கவும் முடியாது. மூன்றாவது, கையின் தோலுக்குக் கீழே வைக்கும் ஜடெல். தீக்குச்சி போன்ற இரண்டு மெல்லிய குச்சிகள், ஐந்து வருடம். அதிலும் லெவோநொர்ஜெஸ்ட்ரெல் மட்டும்.

புரோஜெஸ்ட்டோஜன் மட்டும் உள்ள முறைகளில் பாரிசவாதம் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஈரலில் உறைதல் காரணிகளைக் கிளப்புவது முக்கியமாக ஈஸ்ட்ரோஜன்தான். அமெரிக்க வழிகாட்டி இவற்றுக்கு 1 கொடுக்கிறது, பிரித்தானியாவில் 2. உலக சுகாதார நிறுவனம் தொடங்க 2 என்று சொல்லி, பாவிக்கும்போது ஓரா புதிதாக வந்தால் மறுபடி யோசிக்கச் சொல்கிறது. குச்சி வைத்த பிறகும் மினுக்கத்தை எண்ணிக்கொண்டு வரச் சொல்வது இதனால்தான்.

அவருக்கு மாதவிடாய் ஏற்கெனவே கனமானது, உடம்பில் இரத்தமும் குறைவு. லூப்பை அவரே வேண்டாம் என்றார். இரண்டு வருடத்தில் அடுத்த பிள்ளை என்ற எண்ணம் இருந்ததால் ஊசியும் பிடிக்கவில்லை. ஜடெல் என்று முடிவாகி, எம்.ஓ.எச். பணிமனைக்குக் கடிதம் எழுதப் பேனாவை எடுத்தபோது கைப்பையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து நீட்டினார். "இதையும் பாருங்கோ, போன கிழமை தலையிடிக்கு எழுதித் தந்தவை. இன்னும் தொடங்கேல்லை."

டொபிரமேட். இரவில் 25 மில்லிகிராம், கிழமைக்குக் கிழமை கூட்டி 100 வரை.

மைக்கிரேனைத் தடுக்க அது நல்ல மருந்துதான். மாதத்தில் நாலைந்து தலையிடி வரும் ஒருவருக்குத் தடுப்பு மருந்து எழுதியதிலும் தவறில்லை. ஆனால் டொபிரமேட் ஈரலில் ஹோர்மோன்களைச் சிதைக்கும் நொதியங்களைத் தூண்டும். அதனால் கூட்டுக் குளிசை, புரோஜெஸ்ட்டோஜன் குளிசை, தோலுக்குக் கீழே வைக்கும் குச்சி, இவை மூன்றின் பலனும் குறையக்கூடும். அளவு கூடக்கூட இந்தக் குறைவும் கூடும். ஊசியும் லூப்பும் ஹோர்மோன் உள்ள கருப்பைக் கருவியும் பாதிக்கப்படுவதில்லை. இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. டொபிரமேட் எடுக்கும்போது கருத்தரித்தால் குழந்தைக்கு உதட்டுப் பிளவு போன்ற குறைகள் வரலாம், மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். அதாவது கருத்தடை தவறவே கூடாத மருந்து, கருத்தடையைத் தானே தவற வைக்கிறது. மைக்கிரேனுக்கு எழுதப்படும் வல்புரோவேட் குழந்தைக்கு இதைவிடவும் கேடு, பிள்ளை பெறும் வயதில் அதை மைக்கிரேனுக்கு எடுக்கவே கூடாது.

எழுதியவரில் நான் குற்றம் காணவில்லை. தலையிடிக் கிளினிக்கில் கருத்தடை பற்றியும், கருத்தடைக் கிளினிக்கில் தலையிடி மருந்து பற்றியும் கேட்க நேரம் கிடைப்பது அரிது. இரண்டு துண்டும் ஒரே மேசையில் விழுந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. ஆகவே மைக்கிரேன் உள்ள பெண்கள் எங்கே போனாலும் குளிசை அட்டையையும் மருந்துத் துண்டையும் ஒன்றாகக் கொண்டுபோக வேண்டும் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். "ஒண்டும் எடுக்கிறேல்லை" என்ற பதில் மட்டும் போதாது.

இரண்டு வழி இருந்தது. டொபிரமேட்டை வைத்துக்கொண்டு ஊசி அல்லது கருப்பைக் கருவி. அல்லது தடுப்பு மருந்தை மாற்றிவிட்டு ஜடெல். அவருக்கு ஆஸ்துமா இல்லை, பிரஷர் 118க்கு 76, நாடித்துடிப்பும் நன்றாக இருந்தது. மருந்து எழுதிய வைத்தியருடன் தொலைபேசியில் பேசி, புரோபிரனலோல் என்று மாற்றிக்கொண்டோம். அது ஹோர்மோனைத் தொடுவதில்லை. அடுத்த பிள்ளைக்கு ஆயத்தமாகும்போது அதையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று துண்டில் எழுதினேன். அந்தக் கிழமையே ஜடெல் வைத்தார்கள்.

போகும்போது அவர் கேட்டார்: "இனி அந்த வெளிச்சம் வந்தால் பாரிசவாதம் எண்டு எப்பிடித் தெரியும்?" வேகத்தைப் பாருங்கள் என்றேன். ஓரா ஊர்ந்து வரும், பெரும்பாலும் மினுங்கும், ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். பாரிசவாதம் சட்டென்று வரும், எல்லாம் ஒரே நேரத்தில், பெரும்பாலும் இழப்பாகவே வரும். பார்வை இருளும், கை விழும், முகம் ஒரு பக்கம் கோணும், பேச்சுக் குழறும். கையிலோ காலிலோ உண்மையான பலவீனம் வந்தால், ஒரு மணித்தியாலம் தாண்டியும் ஓரா அடங்காவிட்டால், ஒரு கண் மட்டும் திரை விழுந்த மாதிரி இருண்டால், வழக்கமான தலையிடிதான் என்று படுத்துவிடக் கூடாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட வேண்டும், அதனால் எப்போது தொடங்கியது என்ற நேரத்தைக் குறித்துக்கொள்வதும் சிகிச்சையின் பகுதி.

மூன்று மாதம் கழித்து வந்தார். தலையிடி மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்திருந்தது. வெளிச்சம் ஒருமுறை வந்தது, 15 நிமிடம், முந்தி மாதிரியேதான். குச்சியால் இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இடைக்கிடை பட்டுக்கொண்டிருந்தது, அது முதல் வருடத்தில் சாதாரணம் என்று தெரிந்து பொறுத்துக்கொண்டிருந்தார். ஆனால் வந்த காரணம் வேறு. வீட்டில் ஒரு கலியாணம், அதோடு கோயில் பூசை. அந்த நாலு நாளும் ஒரு துளி படாமல் இருக்கப் பாமசியில் ஒரு குளிசை தருவார்களாம், எடுக்கலாமா?

அது நொரெதிஸ்டெரோன். 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று முறை. மாதவிடாயைத் தள்ளிப்போட நம் பெண்கள் சர்வசாதாரணமாக எடுப்பது. பெயரில் ஈஸ்ட்ரோஜன் இல்லை, புரோஜெஸ்ட்டோஜன் வகைதான், அதனால் தடையில்லை என்றே பலரும் எண்ணுவார்கள். ஆனால் அதில் ஒரு சிறு பங்கு உடலுக்குள் எதினைல் ஈஸ்ட்ரடியோலாக மாறுகிறது. இந்த அளவில் எடுத்தால், 20 முதல் 30 மைக்ரோகிராம் உள்ள கூட்டுக் குளிசையை எடுத்ததற்கு ஏறக்குறையச் சமம். நிறுத்திய மிதுரியை வேறு பெயரில் திரும்ப எடுப்பது போன்றது. இந்த மாற்றம் நடக்காத மெட்ரொக்சிபுரோஜெஸ்ட்டரோன் குளிசையைச் சில நாளுக்கு எழுதிக் கொடுத்தேன். முகப்பருவுக்கோ பி.சி.ஓ.எஸ்.ஸுக்கோ யாராவது சைப்புரோட்டெரோன் சேர்ந்த குளிசை எழுதினால் அதில் 35 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, அதையும் தொட வேண்டாம் என்று அவருடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: "ஓரா உண்டு. ஈஸ்ட்ரோஜன் வேண்டாம்."

அவர் அதை வாசித்துவிட்டு, தங்கைக்கும் இதே தலையிடி, அவளுக்கு அடுத்த மாதம் கலியாணம், அவளையும் கூட்டி வரட்டுமா என்று கேட்டார். கலியாணத்துக்கு முன்னரே கூட்டி வரச் சொன்னேன்.